எடை கூடிய தாய்க்கு எத்தனை கிலோ ஏறலாம்? பதிவு நாள் முதல் பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரம் வரை

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம் வீடுகளில் ஒரு பெண் உண்டாகிவிட்டால், ஆயாவும் அத்தையும் தட்டை நிரப்பத் தொடங்கிவிடுவார்கள். இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஒல்லியாக இருந்த பெண்ணுக்கு அது ஓரளவு பொருந்தியிருக்கலாம். ஏற்கெனவே 84 கிலோ இருக்கும் பெண்ணுக்கு அந்தக் கணக்கு வேறு. அவளுக்கு எத்தனை கிலோ ஏறினால் போதும், அதை வாரம் வாரம் எப்படிப் பார்ப்பது, பிரசவத்தில் என்னென்ன சிக்கல் வரலாம், அதற்கு முன்கூட்டியே என்ன ஏற்பாடு வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

கணக்கு புரிய கஸ்தூரி என்று ஒரு கற்பனைப் பெண்ணை வைத்துக்கொள்வோம். 29 வயது, இரண்டாவது குழந்தை, உயரம் 158 செ.மீ., கர்ப்பத்துக்கு முன் எடை 84 கிலோ.

முதல் படி: சீக்கிரம் பதிவு, சரியான ஆரம்ப எடை

தென்னாப்பிரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவம் 1994 முதல் இலவசம். மாதவிடாய் தள்ளிப்போனது தெரிந்ததும் கிளினிக்குக் கிளம்புங்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் எடுத்த எடைதான் நமக்குப் பயன்படும் எடை. ஆறாவது மாதத்தில் முதல் தடவையாகத் தராசில் ஏறினால், அதில் எவ்வளவு பழைய எடை, எவ்வளவு கர்ப்பத்தில் ஏறியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ கிடைக்கும். கஸ்தூரிக்கு 1.58 × 1.58 = 2.50. 84 ÷ 2.50 = 33.6. பிஎம்ஐ 30-ஐத் தாண்டினால் உடல் பருமன். 25 முதல் 30 வரை அதிக எடை.

இந்திய வம்சாவளியினருக்கு இதில் ஒரு சேர்க்கை உண்டு. மற்றவர்களுக்கு 30-இல் வரும் சர்க்கரை ஆபத்து நமக்கு ஏறக்குறைய 27.5-லேயே வந்துவிடுகிறது. அதனால் பிஎம்ஐ 28 இருக்கும் தமிழ்ப் பெண் "நான் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறேன், அவ்வளவுதான்" என்று விட்டுவிடாமல் சர்க்கரைப் பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். எடை இலக்கை மட்டும் பொது அட்டவணைப்படியே வைக்கலாம்.

தாமதமாகப் பதிவு செய்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இங்குள்ள கிளினிக்குகளில் மேல்கையின் நடுச்சுற்றளவை நாடாவால் அளப்பார்கள். வயிறு பெருத்தாலும் கைச்சுற்று அதிகம் மாறாது. அது 33 செ.மீ.க்கு மேல் இருந்தால் பருமன் என்று எடுத்துக்கொள்ளலாம். கஸ்தூரிக்கு 35 செ.மீ.

இரண்டாம் படி: ரத்த அழுத்தத்தை எந்தப் பட்டையால் அளக்கிறார்கள்?

இந்த 35 செ.மீ. அடுத்த கணமே வேலைக்கு வருகிறது. வழக்கமான ரத்த அழுத்தப் பட்டை அவ்வளவு பருத்த கைக்குப் போதாது. சின்னப் பட்டையால் அளந்தால் அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். கஸ்தூரிக்கு முதலில் சாதாரணப் பட்டையில் 142/92 வந்தது. ஐந்து நிமிடம் உட்காரவைத்து, பெரிய பட்டையைச் சுற்றி அளந்தபோது 126/80. முதல் எண்ணை நம்பியிருந்தால் வேண்டாத மாத்திரை ஆரம்பித்திருப்பார்கள்.

இதன் மறுபக்கம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. "கை பருமன், அதனால்தான் அழுத்தம் கூடக் காட்டுகிறது" என்று சொல்லி நிஜமான உயர் அழுத்தத்தை விட்டுவிடுவதும் நடக்கிறது. அப்படி யாராவது சொன்னால், பெரிய பட்டையால் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அதிலும் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் அது பட்டையின் பிழை அல்ல. எந்தப் பட்டையில் அளந்தது என்று உங்கள் மகப்பேறுப் பதிவேட்டில் எழுதச் சொன்னால், அடுத்த தடவை வேறு நர்ஸ் இருந்தாலும் அதே பட்டையை எடுப்பார்.

இதில் இவ்வளவு கவனம் ஏன்? கர்ப்பகால ரத்தக் கொதிப்பு, அதனுடன் சிறுநீரில் புரதம் போவது, அதாவது பிரீ-எக்லாம்ப்சியா, எடையோடு சேர்ந்து ஏறும் நோய். பிஎம்ஐ 5 முதல் 7 எண் கூடும்போது அதன் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது. வலிப்பு வரை போகக்கூடியது இது. எடை கூடிய தாயின் ஆபத்துகளில் முதலிடம் இதற்குத்தான் என்பேன்.

தடுக்கும் மருந்துகள் எளியவை. கால்சியம் இங்கே எல்லாக் கர்ப்பிணிக்கும் தருகிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் சில மணி நேர இடைவெளி விடுங்கள். ஆஸ்பிரின் குறைந்த அளவில், பதினாறு வாரத்துக்கு முன் தொடங்கினால் பலன் அதிகம். பருமனோடு இன்னொரு காரணமும் இருந்தால், அதாவது முதல் பிரசவம், நாற்பது வயது, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் வந்திருப்பது, முந்தின பிரசவத்துக்குப் பத்து ஆண்டு இடைவெளி என்று ஏதாவது இருந்தால், டாக்டரிடம் ஆஸ்பிரின் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். நீங்களாகக் கடையில் வாங்கிப் போட வேண்டாம். இந்த நோய்க்காக அல்ல, குழந்தையின் வளர்ச்சிக்காக, ஃபோலிக் அமிலம் 5 மி.கி. கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குவது நல்லது. எடை குறைக்க ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால், கர்ப்பம் தெரிந்த அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: இலக்கை எழுதிவைப்பது

உலகெங்கும் பெரும்பாலும் பயன்படுத்தும் எடை அட்டவணை அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2009-இல் வெளியிட்டது. ஒரு குழந்தை சுமக்கும் தாய்க்கு அதன்படி மொத்த ஏற்றம் இவ்வளவு:

- பிஎம்ஐ 18.5-க்குக் கீழே: 12.5 முதல் 18 கிலோ
- 18.5 முதல் 24.9: 11.5 முதல் 16 கிலோ
- 25 முதல் 29.9: 7 முதல் 11.5 கிலோ
- 30-உம் அதற்கு மேலும்: 5 முதல் 9 கிலோ

ஐந்து கிலோ போதுமா, குழந்தை மெலிந்துவிடாதா என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. குழந்தை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நஞ்சும் பனிக்குட நீரும் சேர்ந்து ஒன்றரை கிலோ. கருப்பை ஒரு கிலோ. கூடிய ரத்தமும் உடல் நீரும் இரண்டு மூன்று கிலோ. இவ்வளவும் சேர்ந்தால் எட்டு ஒன்பது கிலோதான். ஒல்லியான பெண்ணுக்கு இதற்கு மேல் கொழுப்புச் சேமிப்பும் வேண்டும், பால் கொடுக்க. கஸ்தூரியிடம் அந்தச் சேமிப்பு ஏற்கெனவே இருக்கிறது. உடல் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

அதற்காக எடை குறைப்பதை இலக்காக வைக்கக் கூடாது. கர்ப்பத்தில் பட்டினி கிடந்து எடை இறக்கிய தாய்மாருக்குச் சிறிய குழந்தைகள் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. பிஎம்ஐ 40-ஐத் தாண்டியவர்களுக்கு ஐந்து கிலோவுக்கும் குறைவாக ஏறினாலும் சில டாக்டர்கள் ஏற்றுக்கொள்வார்கள், குழந்தை ஸ்கேனில் நன்றாக வளரும்வரை. அது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டிய முடிவு.

கஸ்தூரியின் கணக்கு: முதல் மூன்று மாதம் அரை கிலோவிலிருந்து இரண்டு கிலோ. அதன் பிறகு வாரத்துக்கு சுமார் 220 கிராம். அப்படிப் பார்த்தால் 12 வாரத்தில் 85, 20 வாரத்தில் 87-ஐ ஒட்டி, 26-இல் 88, 30-இல் 89, கடைசியில் 91 கிலோ. எல்லை 93. இதைப் பதிவேட்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதிவைத்தால் போதும்.

நான்காம் படி: எடை பார்ப்பதும், ஏறினால் காரணம் தேடுவதும்

கிளினிக் சந்திப்புகள் எட்டு. 12, 20, 26, 30, 34, 36, 38, 40 வாரங்கள் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. இடையில் வீட்டுத் தராசில் வாரம் ஒருமுறை, காலையில், சிறுநீர் கழித்த பிறகு, ஒரே மாதிரி உடையில் பாருங்கள். தினமும் ஏறி இறங்கினால் மனசுதான் கலங்கும்.

கஸ்தூரிக்கு 12 வாரத்தில் 85.2, 20 வாரத்தில் 86.9. எல்லாம் சரி. 26-இல் தராசு 90.4 காட்டியது. ஆறு வாரத்தில் 3.5 கிலோ. ஏற வேண்டியது 1.3 கிலோ.

இங்கே முதல் கேள்வி சாப்பாடு அல்ல, நீர். முகமும் விரலும் வீங்கியிருக்கிறதா? மோதிரம் இறுகுகிறதா? ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் திடீரென்று குதித்ததா? அப்படியென்றால் அன்றே ரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் பார்க்க வேண்டும். கஸ்தூரிக்குப் பெரிய பட்டையில் 124/78, புரதம் இல்லை, வீக்கம் கணுக்காலில் மாலையில் மட்டும். ஆக, இது உணவு ஏற்றிய எடை.

இரண்டாவது சர்க்கரை. பருமன், இந்திய வம்சம் இரண்டும் சேர்ந்தால் முதல் சந்திப்பிலேயே ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். இரண்டாவது பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் 5.1, ஒரு மணியில் 10.0, இரண்டு மணியில் 8.5 என்ற எல்லைகளில் ஏதாவது ஒன்றை எட்டினாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்பது உலக சுகாதார அமைப்பின் அளவுகோல். சில ஆஸ்பத்திரிகள் வேறு எல்லை வைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். கஸ்தூரிக்கு 4.8, 8.9, 7.6. தப்பித்தாள்.

அப்புறம்தான் தட்டைப் பார்க்க வேண்டும். கூடுதலாக ஏறியது 2.2 கிலோ. ஒரு கிலோ கொழுப்புக்கு சுமார் 7,700 கலோரி. 42 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 400 கலோரி. மலைபோல் ஒன்றும் இல்லை. அந்த ஆறு வாரத்துக்குள் புரட்டாசி வந்திருந்தது. கறி மீன் தொடவில்லை, ஆனால் உருளைக்கிழங்கும் பூரியும் வடையும் சோஜியும் கூடின. கறி இல்லாத சாப்பாடு லேசானது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. பருப்பையும் பீன்ஸையும் கூட்டாமல் மாவுப் பண்டத்தைக் கூட்டினால் விரதமும் எடை ஏற்றும்.

இருந்தாலும் கஸ்தூரியின் பட்டியலில் பெரிய குற்றவாளி சாப்பாடே இல்லை, குடித்தது. ஐந்து கப் டீ, கப்புக்கு இரண்டு கரண்டி சர்க்கரை: 40 கிராம், 160 கலோரி. ஜூஸ் இரண்டு டம்ளர், 500 மி.லி., பெட்டியில் 100 மி.லி.க்கு 10 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தது: 50 கிராம், 200 கலோரி. இந்த இரண்டிலேயே 360 வந்துவிட்டது. ஜூஸ் பழம்தானே, குழந்தைக்கு நல்லது என்று அத்தை வாங்கி வைத்தது.

"அத்தை, பழமாகவே கொடுங்கள், ஜூஸ் வேண்டாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள்" என்றாள் கஸ்தூரி. அத்தைக்கு முகம் வாடியது, ஆனால் மறுநாள் ஆரஞ்சை உரித்துத் தட்டில் வைத்தார். கிளினிக் பேரைச் சொன்னது நல்ல யோசனை. பெரியவர்கள் அன்பை மறுப்பதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

டீயில் சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகக் குறைத்து அரைக் கரண்டிக்கு வந்தாள். சோறு ஒரு கப், பருப்பும் பீன்ஸும் தாராளம், கீரை தினமும். விரதம் முடிந்த பிறகு டின் பில்ச்சர்ட் மீன், முட்டை. மாலைப் பசிக்கு இனிப்பில்லாத அமாசி. வெள்ளிக்கிழமை பன்னி சௌவை விடச் சொல்ல எனக்கு மனம் வராது, ஆனால் ஒரு கால் ரொட்டி என்பது 175 கிராம் வரை வெள்ளை ரொட்டி, குழம்பைச் சேர்க்காமலே 400 கலோரிக்கு மேல். பீன்ஸ் குழம்பைக் கிண்ணத்தில் வாங்கி, இரண்டு துண்டு ரொட்டியோடு சாப்பிட்டாலும் அந்த ருசி நாக்குக்குக் கிடைக்கும்.

நடை வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பொது அறிவுரை. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். சாட்ஸ்வொர்த் மேடு பள்ளம், கோடைப் புழுக்கம், தனியாகப் போகும் பயம் எல்லாம் இருக்கும்போது, மாலில் குளிர்ச்சியில் சுற்றுவதும் கோயில் பிராகாரத்தில் நடப்பதும் அதே பலனைத் தரும். பத்துப் பத்து நிமிடமாகவும் பிரிக்கலாம். ரத்தப்போக்கு, நஞ்சு கீழே இருப்பது போன்ற சிக்கல் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

30 வாரத்தில் கஸ்தூரி 91.2. நான்கு வாரத்தில் 800 கிராம். ஏறிய 2.2 கிலோவை இறக்க முயலவில்லை. அங்கிருந்து வாரத்துக்கு 200 கிராம் என்ற வேகத்துக்குத் திரும்பியதே போதும். 38 வாரத்தில் 93.

ஐந்தாம் படி: கடைசி மூன்று மாதக் கண்காணிப்பு

வயிற்றுக் கொழுப்பு மேலிருந்தால் நாடாவால் கருப்பை உயரம் அளப்பது ஏமாற்றும். குழந்தை சின்னதாக இருந்தாலும் பெரியதாக இருந்தாலும் தெரியாமல் போகும். ஆகவே 30 வாரத்துக்குப் பிறகு வளர்ச்சி ஸ்கேன் கேட்பது சரியான கோரிக்கை. இருபது வார ஸ்கேனிலும் படம் தெளியாமல் "இன்னொரு நாள் வாருங்கள்" என்று சொல்லலாம். குழந்தைக்குக் குறை என்று அர்த்தமில்லை, ஆனால் மறுபடி போகாமல் இருந்துவிடாதீர்கள்.

குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் ஆபத்து பருமனான தாய்க்கு மற்றவரைவிடக் கூடுதல். அதனால் அசைவு குறைந்தது என்று தோன்றினால் அன்றைக்கே போங்கள், இரவானாலும். அதேபோல் விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்று வலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சிரைப்பு ஆகியவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரு கால் வீக்கம் ரத்தம் உறைந்ததைக் காட்டலாம்.

ஆறாம் படி: பிரசவம்

எங்கே பிரசவம் என்பதை 34 வாரத்துக்குள் முடிவு செய்யுங்கள். பருமனான தாய்க்கு அறுவைக்கூடமும் மயக்க மருந்து டாக்டரும் உள்ள ஆஸ்பத்திரி நல்லது. பிஎம்ஐ 40-க்கு மேல் இருந்தால் பிரசவத்துக்கு முன்பே மயக்க மருந்து டாக்டரைச் சந்திப்பது அவசியம். முதுகில் ஊசி போட எலும்பு இடைவெளி விரலுக்குத் தட்டுப்படாது, முழு மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாய் போடுவதும் கடினம். அவசரத்தில் நடு இரவில் அதைச் செய்வதுதான் ஆபத்து. வலிமருந்து முதுகு ஊசி வேண்டும் என்றால் வலி கடுமையாகும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பருமனான தாய்க்கு வலி மெதுவாகவே முன்னேறும், குறிப்பாகக் கருப்பை வாய் 6 செ.மீ. திறக்கும்வரை. "ஏன் இவ்வளவு நேரம்?" என்று வெளியே அம்மா பதறுவார். தாயும் குழந்தையும் நலமாக இருந்தால், நேரம் ஆகிறது என்ற ஒரே காரணத்துக்காக சிசேரியனுக்கு ஓட வேண்டியதில்லை. குழந்தையின் இதயத் துடிப்பை வயிற்றுக்கு மேல் வைக்கும் கருவி சரியாகப் பிடிக்காவிட்டால், குழந்தையின் தலையில் சின்னக் கம்பி வைத்துப் பார்ப்பதும் உண்டு. கையில் ஊசிக்குழாயை ஆரம்பத்திலேயே போட்டுவிடச் சொல்லுங்கள். கொழுப்புக்கு அடியில் நரம்பு கிடைக்காமல் அவசரத்தில் தேடக் கூடாது.

குழந்தை பெரியதாக இருந்தால் தலை வந்தபின் தோள் மாட்டிக்கொள்ளலாம். அப்போது மருத்துவச்சி இரண்டு தொடையையும் வயிற்றோடு சேர்த்து மடக்கச் சொல்வார். தள்ளு என்றால் மட்டும் தள்ளுங்கள். குழந்தை பிறந்ததும் ரத்தப்போக்கைத் தடுக்க ஆக்ஸிடோசின் ஊசி. கஸ்தூரிக்கு நீண்ட நேர வலிக்குப் பிறகு 3.6 கிலோவில் சுகப்பிரசவம்.

ஏழாம் படி: பிரசவத்துக்குப் பின்

நம் வீட்டில் பிள்ளை பெற்றவளைப் படுக்கையிலேயே வைத்திருப்பார்கள். பருமனான தாய்க்கு அது நல்லதல்ல. பிரசவத்துக்குப் பின்வரும் வாரங்களில்தான் காலில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம். அன்றே எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். சிசேரியன் ஆனவர்களுக்கும் பிஎம்ஐ 40-க்கு மேல் உள்ளவர்களுக்கும் ரத்தம் உறையாமல் இருக்கப் பத்து நாள் ஊசி தரலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். ஊசியின் அளவு எடைக்கு ஏற்ப மாறும்.

சிசேரியன் காயம் வயிற்று மடிப்புக்குள் ஈரமாக இருந்தால் சீழ் பிடிக்கும். குளித்ததும் மடிப்பைத் தூக்கி ஒற்றி உலர்த்துங்கள், சுத்தமான துணியை மடித்து வையுங்கள். சிவந்தாலோ நாறினாலோ காய்ச்சல் வந்தாலோ மருந்துக்கடையில் பூச்சு வாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பால் இறங்குவதும் ஒன்றிரண்டு நாள் தாமதமாகலாம். பால் இல்லை என்று பவுடரைத் தொடங்கிவிடுவது இங்கேதான் நடக்கிறது. முதல் மணி நேரத்திலேயே மார்போடு அணைத்து வைத்து, அடிக்கடி சப்பவிட்டால் பெரும்பாலோருக்கு நிறைய வரும். குழந்தை சிறுநீர் போவதையும் எடையையும் கிளினிக்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது வாரம் போகும்போது ரத்த அழுத்தம், எடை இரண்டையும் பாருங்கள். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்கள் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும். குழந்தை பிறந்ததும் எண் இறங்கிவிட்டால் அதை மறந்துவிடுவார்கள், பிறகு அடுத்த கர்ப்பத்தில் அது முழுச் சர்க்கரை நோயாகக் கையில் சிக்கும். கருத்தடை பேசும்போது எடையைச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பருமனான பெண்ணுக்கு ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். கருப்பைக்குள் வைக்கும் சாதனமோ கையில் வைக்கும் குச்சியோ அந்தக் கவலை இல்லாதவை.